கரடிப்போக்கில் பரதநாட்டிய வகுப்பு: முதல் நாள் என்ன நடக்கும், எவ்வளவு முடியும்

அன்பான பெற்றோருக்கு,

விஜயதசமியன்று புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறேன். ஆறு வயது முடிந்தவர்கள் வரலாம். ஆண்பிள்ளைகளும் வரலாம், இப்போது மூன்று பேர் படிக்கிறார்கள், மூவருக்கும் தாளம் நல்லாய் நிற்கிறது. விஜயதசமிக்கு முந்திய சனிக்கிழமை காலை ஒரு வகுப்பு இலவசமாக வைக்கிறேன். பிள்ளையோடு நீங்களும் வந்து சுவரோரம் பாயில் இருந்து முழுவதையும் பாருங்கோ. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்துப் பதில் சொன்னால் போதும்.

அன்றைக்கு என்ன படிப்பிப்பேன் என்று இப்பவே சொல்லிவிடுகிறேன். ஒரு மணித்தியாலத்தில் உங்கள் பிள்ளை ஒரு பாட்டுக்கு ஆடிக் காட்டாது. அதை எதிர்பார்த்து வருகிறவர்கள்தான் இரண்டாம் மாதம் நின்றுவிடுகிறார்கள்.

முதலில் கணுக்கால், இடுப்பு, தோள், கழுத்து எல்லாவற்றையும் பத்து நிமிடம் இளக்குவோம். பிறகு தட்டிக்கும்பிடுதல். ஆடப் போகும் நிலத்தை மிதிக்க முன் அதைத் தொட்டு வணங்குவது அது. வேறு சமயப் பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறார்கள்; நிலத்துக்கும் படிப்பிக்கிறவருக்கும் மரியாதை என்ற அளவில் அவர்களும் செய்கிறார்கள். சாமிப் படத்துக்குப் பூப் போடச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை.

அடுத்தது அரைமண்டி. வகுப்பின் பாதி நேரம் இதற்கே போகும், போகத்தான் வேண்டும். குதிக்கால்கள் இரண்டும் கிட்ட, விரல்கள் இரண்டு பக்கமும் பார்க்க, முழங்கால் பக்கவாட்டில் மடிய, முதுகு நேராக நிற்க வேண்டும். புதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் பிழைவிடுவார்கள்: பின்பக்கம் தள்ளும், குதிக்கால் கிளம்பும், முழங்கால் முன்னுக்கு வரும். போன வருடப் பிள்ளை ஒன்று ஐந்து நிமிடத்தில் முகத்தைச் சுழித்தது.

“டீச்சர், கால் எரியுது.”

“எங்கயம்மா எரியுது? தொடையிலயோ, முழங்காலிலயோ?”

“தொடையில.”

“அப்ப சரியாத்தான் இருக்கிறீங்கள். கொஞ்சம் எழும்பி ஆறிட்டு வாங்கோ.”

முழங்கால் நோகுது என்று சொன்னால் உடனே எழுப்பிவிடுவேன். பாதம் ஒரு பக்கமும் முழங்கால் வேறு பக்கமும் பார்த்தால் அந்த நோ வரும். அதைத் திருத்தாமல் ஆழமாக இரு, ஆழமாக இரு என்று அமத்தினால் பிள்ளையின் மூட்டுத்தான் பழுதாகும். முதல் நாள் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு போதும். வீட்டில் பழகும்போது நீங்களும் இந்தக் கேள்வியையே கேளுங்கோ.

அதன் பிறகு முதலாவது தட்டடவு. இடுப்பில் கை, அரைமண்டியில் இருந்தபடி வலக்காலைப் பின்னால் தூக்கி, உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் நிலத்தில் படத் தட்ட வேண்டும். பிறகு இடக்கால். சொற்கட்டு “தெய்யா தெய்”. நான் தட்டுக்கழியால் பலகையில் தட்டிச் சொல்ல, பிள்ளைகளும் வாயால் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். வாய் நின்றால் காலும் தடுமாறும், அதை அன்றைக்கே நீங்கள் காண்பீர்கள். முதற்காலம் என்கிற மெதுவான வேகம் மட்டும்தான். இரண்டாம், மூன்றாம் காலங்களுக்கு மாதக்கணக்காகும்.

கால் களைத்த பிறகு நிலத்தில் இருத்தி ஆதி தாளம் போடப் பழக்குவேன்: ஒரு தட்டு, சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. கடைசியாக மூன்று முத்திரை. விரல்களைச் சேர்த்து நீட்டிப் பெருவிரலை மட்டும் மடித்தால் பதாகம். அதில் மோதிரவிரலையும் மடித்தால் திரிபதாகம். சின்னவிரலும் மடிந்தால் அர்த்தபதாகம். ஒற்றைக்கை முத்திரை இருபத்தெட்டில் அன்றைக்கு மூன்றுதான். மோதிரவிரலை மடிக்கச் சின்னவிரலும் கூடவே மடங்கப் பார்க்கும், பிள்ளைகளுக்கு அது பெரிய பகிடி. மீண்டும் தட்டிக்கும்பிட்டு முடிப்போம்.

இனிக் காசு விஷயம். “டீச்சரிட்ட எப்பிடிக் கேக்கிறது” என்று பலர் வாசலில் நின்று தயங்குவதைக் காண்கிறேன். தயங்க வேண்டாம், எல்லாம் இதில் இருக்கிறது.

பதிவுக் கட்டணம் 500 ரூபா, ஒரு தடவை மட்டும்.
மாதக் கட்டணம் 1,500 ரூபா. சனிக்கிழமை ஐந்து வந்தாலும் அதேதான்.
அதே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளை என்றால் அவருக்கு மாதம் 1,000 ரூபா, பதிவு இல்லை.
டிசம்பரில் இரண்டு வகுப்புத்தான், 750 ரூபா.

ஆக, ஒரு பிள்ளைக்கு முதல் வருடம் முழுவதற்கும் 17,750 ரூபா. மாதம் 10ஆம் திகதிக்குள் தந்தால் நல்லது. வயலை நம்பியிருக்கிற வீடுகள் காலபோக அறுவடை முடியச் சேர்த்துத் தரலாம். முதலே ஒரு சொல் சொல்லிவிடுங்கோ, வட்டியும் இல்லை, முகச்சுழிப்பும் இல்லை. அதுவும் ஏலாது என்றால் தனியே வந்து கதையுங்கோ. பிள்ளைக்குக்கூடத் தெரிய வராது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு தருவேன்.

நான் வகுப்பை நிற்பாட்டினாலோ, மாரியில் வீதியை வெள்ளம் மூடினாலோ, இன்னொரு நாள் அந்த வகுப்பை வைப்பேன். பிள்ளை வராமல் விட்டால் கழிக்க மாட்டேன். காய்ச்சல் என்று இரண்டு கிழமைக்கு மேல் போனால் அந்த மாதம் பாதி. புலமைப்பரிசில் வருடம் பிள்ளையை மறிக்க நினைப்பவர்கள் மறிக்கலாம். திரும்பி வரும்போது மறுபடி பதிவுக் காசு கேட்க மாட்டேன். ஆனால் ஒரு மணித்தியாலம் கால் அசைத்துவிட்டுப் போகும் பிள்ளைக்குப் படிப்பு ஓடாது என்று எனக்குப் படவில்லை.

உடுப்பு: சாதாரண பருத்திச் சுடிதாரும் இடுப்பில் இறுக்கிக் கட்ட ஒரு சால்வையும் போதும். வீட்டில் இருப்பதையே போட்டு வரலாம். சலங்கையை முதல் வருடம் வாங்க வேண்டாம். அடவு சுத்தமாக வர முன் சலங்கை கட்டினால், கால் பிழையாகத் தட்டுவதைச் சத்தம் மறைத்துவிடும், எனக்கும் திருத்தக் கஷ்டம்.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு முதலாம் தரத்திலிருந்து ஆயத்தப்படுத்துவேன், பிள்ளை தயாரான பிறகு மட்டும். பரீட்சைக் கட்டணம் சபை அறிவிக்கிறபடி. அதன்மேல் ஒரு சதமும் சேர்க்க மாட்டேன். பரீட்சைக்கு முன் மூன்று ஞாயிறு மேலதிக வகுப்பு, ஒன்றுக்கு 300 ரூபா. மேடை நிகழ்ச்சி இரண்டாம் வருடத்திலிருந்து. உடுப்பு, நகை வாடகைக்கு 2,500 ரூபாவுக்கு மேல் போக விடமாட்டேன், விருப்பமில்லாதவர்கள் ஆட வேண்டியதில்லை. அரங்கேற்றம் செய் என்று எந்த வீட்டையும் நெருக்கியதில்லை. கடன் வாங்கிச் செய்கிற காரியம் அது இல்லை.

நான் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் பரதம் படித்தவள். பாடசாலையில் சாதாரண தரத்துக்கு நடனம் எடுக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் இந்த அடிப்படைதான் உதவும்.

நேரம்: சனி காலை 8.30 முதல் 9.30 வரை ஆறு தொடக்கம் ஒன்பது வயது, 9.45 முதல் 10.45 வரை பத்து வயதும் அதற்கு மேலும். ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்க மாட்டேன், அதற்கு மேல் போனால் எல்லோர் முழங்காலையும் பார்க்க ஏலாது.

கரடிப்போக்குச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி உருத்திரபுரம் வீதியால் ஐந்து நிமிடம் நடந்தால் இடக்கைப் பக்கம் நீலக் கேற் போட்ட வீடு. சைக்கிள் விட உள்ளே இடமுண்டு. வருவதென்றால் பிள்ளையின் பெயரையும் வயதையும் சொல்லி, இந்தச் செய்தி வந்த இலக்கத்துக்கே வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு போட்டுவிடுங்கோ. காலைச் சாப்பாடு கொஞ்சமாக, ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே குடுத்துக் கூட்டி வாங்கோ, தண்ணீர்ப் போத்தலும் வேண்டும்.