டிரக்கியாஸ்டமி டியூபுடன் வீடு திரும்புபவருக்கான பராமரிப்புக் குறிப்புகள்: குடும்பத்தாருக்கு

உங்கள் அப்பாவுக்கு டிரக்கியாஸ்டமி செய்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் டியூபை வார்டிலேயே மாற்றிவிட்டோம். கழுத்துத் துவாரம் நன்றாக உருவாகியிருக்கிறது. இப்போது போட்டிருப்பது உள்குழாய், வெளிக்குழாய் என இரண்டு அடுக்குள்ள, பலூன் இல்லாத டியூப். உள்விட்டம் 7 மி.மீ. குரல்வளையை எடுக்கவில்லை. அதனால் மூக்கு, வாய் வழியாகவும் ஓரளவு காற்று போய்வரும். இதை நினைவில் வையுங்கள்; அவசர நேரத்தில் இதுதான் கைகொடுக்கும்.

வீட்டில் இருவராவது இதையெல்லாம் செய்து பழகியிருக்க வேண்டும். ஒருவர் கடைக்குப் போனாலும் மற்றவர் அருகில் இருக்கட்டும்.

டியூப் அடைத்தால் (இந்தப் பகுதியைப் படியெடுத்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள்)

அடைப்பின் அடையாளங்கள்: மூச்சில் விசில் போன்ற சத்தம், கழுத்துக்குழியும் விலா இடுக்குகளும் உள்வாங்குவது, திடீரென வியர்த்துப் பதறுவது, உதடு நீலம் பாய்வது, டியூப் வாயில் கையை வைத்தால் காற்று படாமல் இருப்பது. விரலில் மாட்டும் கருவியில் அப்பாவுக்கு வழக்கமாக 95-க்கு மேல் காட்டும். 92-க்குக் கீழே இறங்கினால் டியூபைப் பாருங்கள். எண் நன்றாக இருந்தும் மனிதர் திணறினால் மனிதரை நம்புங்கள், கருவியை அல்ல. ஆக்ஸிஜன் அளவு கடைசியில்தான் விழும்.

1. சத்தம் போட்டு இன்னொருவரைக் கூப்பிடுங்கள். அவர் ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் வைக்கட்டும். அப்பாவை நிமிர்த்தி உட்கார வையுங்கள்.

2. டியூபின் மேல் மாட்டியிருக்கும் ஈரப்பத ஃபில்டர், பேச்சு வால்வு எதுவானாலும் கழற்றுங்கள்.

3. உள்குழாயை உருவுங்கள். பெரும்பாலும் சளி காய்ந்து ஒட்டுவது இதற்குள்தான். எடுத்த உடனே மூச்சு வந்துவிடும். வந்தால் சுத்தமான மாற்று உள்குழாயைப் போடுங்கள். அழுக்கானதைக் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள்.

4. திணறல் தீரவில்லையா? சக்‌ஷன் கத்தீட்டரை விட்டுப் பாருங்கள். தடையின்றி உள்ளே போனால் சளியை எடுங்கள், ஆக்ஸிஜன் கொடுங்கள்.

5. கத்தீட்டர் போகவில்லை, அப்பா இன்னும் திணறுகிறார் என்றால் அந்த டியூப் இனி உதவாது. நாடாவை வெட்டி, முழு டியூபையும் வளைவின் போக்கில் வெளியே எடுங்கள். பலருக்கு இங்கேதான் கை தயங்கும். அடைத்த டியூப் வெறும் கார்க். அதை எடுப்பதால் ஆபத்து குறையும், அதிகரிக்காது.

6. தோளுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கழுத்தைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். புது டியூபுக்குள் வழிகாட்டிக் கம்பியை வைத்து, நுனியில் தண்ணீர் ஜெல்லி தடவுங்கள் (வாஸலின் வேண்டாம்). முதலில் நேராகப் பின்னோக்கி, பிறகு வளைவாகக் கீழ்நோக்கி நுழையுங்கள். உள்ளே போனதும் வழிகாட்டிக் கம்பியை உடனே உருவுங்கள். அது உள்ளே இருக்கும்வரை மூச்சுக்கு வழியில்லை. டியூபின் சிறகை விரலால் பிடித்தபடியே உள்குழாயைப் போட்டு, காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

7. போகவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். அடுத்த சிறிய அளவு, அதாவது 6 மி.மீ. டியூபை முயலுங்கள். சிறிய அளவைப் போட்டும் காற்று வராவிட்டால், அது மூச்சுக்குழாய்க்கு முன்னால் உள்ள சதைக்குள் போயிருக்கலாம். எடுத்துவிடுங்கள்.

8. எந்த டியூபும் போகாமல், அப்பா தானாக மூச்சுவிட்டால், ஆக்ஸிஜனை முகத்திலும் கழுத்துத் துவாரத்திலும் காட்டிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

9. மூச்சே இல்லை என்றால், டியூப் உள்ளே இருந்தால் அம்பு பேக்கை அதில் மாட்டி அழுத்துங்கள். அம்பு பொருந்தும் 15 மி.மீ. முனை உங்கள் டியூபில் உள்குழாயில்தான் இருக்கிறது. உள்குழாய் போடாமல் அம்பு நிற்காது. பலூன் இல்லாததால் காற்று மேலே கசியும். நெஞ்சு எழவில்லை என்றால் இன்னொருவர் வாயையும் மூக்கையும் மூடிப் பிடிக்கட்டும். டியூப் இல்லாவிட்டால் கழுத்துத் துவாரத்தை காஸ் துணியை மடித்து அழுத்தி மூடி, முகமாஸ்க்கால் அம்பு கொடுங்கள். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள், 30 அழுத்தலுக்கு 2 மூச்சு.

டியூப் தானாகக் கழன்று விழுந்தாலும் 6-ஆவது படியிலிருந்து தொடங்குங்கள். துவாரம் சுருங்கிக்கொண்டே போகும். கீழே விழுந்ததைத் துடைத்துப் போடலாம் என்று யோசிக்காமல் பையிலிருக்கும் புதியதை எடுங்கள்.

அவசரப் பை

கட்டிலருகில் ஒரே இடத்தில் இருக்கட்டும். அப்பா குளிக்கப் போனாலும், மருத்துவமனைக்கு வந்தாலும் கூடவே வரட்டும். 7 மி.மீ. டியூப் ஒன்று, 6 மி.மீ. டியூப் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் உள்குழாயும் வழிகாட்டிக் கம்பியும், நாடா, முனை மழுங்கிய கத்தரி, தண்ணீர் ஜெல்லி, காஸ், 10 எண் கத்தீட்டர்கள், அம்பு பேக்கும் மாஸ்க்கும், கையால் அல்லது காலால் இயக்கும் சக்‌ஷன் பம்ப், டார்ச். கரண்ட் போகும்போது மிஷினில் சார்ஜும் இல்லாமல் போவது எல்லா வீட்டிலும் ஒருநாள் நடக்கும். மிஷினை எப்போதும் பிளக்கிலேயே வைத்திருங்கள். கைப்பம்பை மாதம் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

சளி எடுப்பது (சக்‌ஷன்)

மணிக்கணக்கு வைத்துச் செய்ய வேண்டாம். தேவையில்லாமல் கத்தீட்டர் விட்டால் மூச்சுக்குழாயின் உள்தோல் புண்ணாகி, ரத்தமும் கூடுதல் சளியும்தான் வரும். களகளவென்ற சத்தம் கேட்டால், சளி கண்ணுக்குத் தெரிந்தால், மூச்சு வேகமானால், அப்பா சைகை காட்டினால் செய்யுங்கள். படுக்கும் முன்பும், குழாய் உணவுக்கு முன்பும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வயிறு நிறைந்தபின் செய்தால் இருமலோடு வாந்தியும் வரும். முதலில் அவரை இருமச் சொல்லுங்கள். இருமலில் டியூப் வாய்வரை வந்ததை காஸால் துடைத்தாலே போதும்.

கத்தீட்டர் 10 எண். இதன் தடிமன் 3.3 மி.மீ., டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கும் குறைவு. சளி சீக்கிரம் வரட்டும் என்று 14 எண் வாங்காதீர்கள். தடித்த கத்தீட்டர் டியூபை அடைத்துக்கொண்டு, சளியோடு நுரையீரல் காற்றையும் உறிஞ்சிவிடும்.

கையை சோப்பால் 20 விநாடி கழுவி, கையுறை போடுங்கள். மிஷினை இயக்கி, டியூபிங்கை மடக்கிப் பிடித்தபடி அழுத்தத்தை 100 முதல் 120 மி.மீ. பாதரசத்தில் வையுங்கள். முள் எழவில்லை என்றால் ஜாடி மூடி சரியாகப் பொருந்தவில்லை, அல்லது மிஷினின் ஃபில்டர் நனைந்திருக்கிறது. உள்குழாய் டியூபிலேயே இருக்கட்டும். கத்தீட்டரின் கட்டைவிரல் துளையைத் திறந்து வைத்தபடி 11 செ.மீ. குறிவரை மெல்ல விடுங்கள். இந்த அளவு வார்டில் உங்கள் டியூபோடு வைத்து அளந்தது. நுனி டியூபைத் தாண்டி 1 செ.மீ. மட்டுமே நிற்கும். இருமல் வரும்வரை தள்ளுவது பழைய வழக்கம், வேண்டாம். பிறகு துளையை மூடி, கத்தீட்டரைச் சுழற்றியபடி வெளியே எடுங்கள். உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை 10 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் அந்த அளவு தானாகப் பிடிபடும்.

அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள். விரல் கருவியில் எண் பழைய நிலைக்கு வரட்டும். ஒரு வேளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். வாய்க்குள் விட்ட கத்தீட்டர் எந்தக் காரணத்துக்காகவும் டியூபுக்குள் போகக் கூடாது. முதலில் டியூப், பிறகு வாய். முடிந்ததும் கத்தீட்டரைக் குப்பையில் போட்டு, டியூபிங் வழியாகக் கொதித்து ஆறிய தண்ணீரை உறிஞ்ச விடுங்கள். ஜாடி முக்கால் நிறையும் முன்பே காலி செய்து, தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

சளி பசைபோல் வந்தால் டியூபுக்குள் சலைனை ஊற்றாதீர்கள். அது சளியை இன்னும் கீழே தள்ளும். 3 மி.லி. நார்மல் சலைனை நெபுலைசரில் கழுத்து மாஸ்க் வழியாகக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து சக்‌ஷன் செய்யுங்கள்.

ஈரப்பதம்

நாம் இழுக்கும் காற்றை மூக்குதான் ஈரமாக்கிச் சூடேற்றுகிறது. டியூப் மூக்கைத் தாண்டிப் போய்விடுவதால் வறண்ட காற்று நேரே உள்ளே இறங்குகிறது, சளி காய்ந்து பொருக்காகிறது. வீட்டில் வரும் அடைப்புகளில் பெரும்பாலானவற்றின் தொடக்கம் இதுதான். ஈரப்பத ஃபில்டரை நாள் முழுக்க மாட்டி வைத்து, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சளி பட்டால் உடனே. அதைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். டயட்டீஷியன் சொன்ன தண்ணீர் அளவைக் குறைக்காதீர்கள். ஃபேன், ஏசி காற்று கழுத்தில் நேராகப் படக் கூடாது. பேச்சு வால்வைத் தூங்கும்போது கட்டாயம் கழற்றுங்கள்.

உள்குழாய் கழுவுவது

காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என நான்கு முறை. சளி கெட்டியாக இருக்கும் நாட்களில் இன்னும் கூடுதலாக.

ஒரு கையால் சிறகை அசையாமல் பிடித்து, மறு கையால் பூட்டைத் திருப்பி உள்குழாயை உருவுங்கள். சிறகைப் பிடிக்காமல் இழுத்தால் முழு டியூபும் கூடவே வரும். மாற்று உள்குழாயை உடனே போட்டுப் பூட்டுங்கள். பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும். கழற்றியதைக் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்து, இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய பிரஷால் தேயுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கறைகூடத் தெரியக் கூடாது. உதறி, காற்றில் உலர்த்தி, மூடியுள்ள உலர்ந்த டப்பாவில் வையுங்கள். ஊறவைத்தே வைத்தால் கிருமி வளரும். கொதிக்கும் நீரிலோ பிளீச்சிலோ போடாதீர்கள். பிளாஸ்டிக் வளைந்துவிடும் அல்லது விரிசல் விடும். விரிசல் கண்டால் தூக்கிப் போடுங்கள்.

துவாரமும் நாடாவும்

தினம் இருமுறை நார்மல் சலைனில் நனைத்த காஸால் துவாரத்தைச் சுற்றித் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றி, வெட்டு வைத்தே வரும் டிரஸ்ஸிங்கை வையுங்கள். சாதாரண காஸைக் கத்தரியால் வெட்டினாலோ பஞ்சு வைத்தாலோ நூல் பிரிந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். பவுடர் வேண்டாம்.

நாடா மாற்ற எப்போதும் இருவர். ஒருவர் டியூபைப் பிடித்தே இருக்க, மற்றவர் மாற்ற வேண்டும். கட்டியபின் நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் நுழையக் கூடாது. அப்பா நிமிர்ந்திருக்கும்போது சரியாக இருந்தது, தலை குனிந்ததும் தளரும். அதனால் கழுத்தைச் சற்று முன்னால் சாய்த்து வைத்து அளவு பாருங்கள்.

எப்போது எங்களைக் கூப்பிட வேண்டும்

சளி பச்சையாகி நாற்றம் அடித்தால், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், துவாரத்தைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தால், குழாய் உணவு டியூப் வழியாக வந்தால் அன்றைக்கே வார்டுக்குப் பேசுங்கள். சக்‌ஷனுக்குப் பின் சளியில் இளஞ்சிவப்புக் கோடு தெரிவது பயப்பட வேண்டியதல்ல. சக்‌ஷன் எண்ணிக்கையைக் குறைத்தாலே நிற்கும். டியூபிலோ அதைச் சுற்றியோ புது ரத்தம் வந்தால், தானாக நின்றுபோனாலும், ஆம்புலன்ஸில் வாருங்கள். பெரிய ரத்தக்குழாய் ஒன்று டியூபின் நுனிக்கு அருகில் ஓடுகிறது; சில சமயம் அது பெரிதாக வெடிக்குமுன் இப்படிக் கொஞ்சம் கசிந்து நிற்கும்.