அக்காவுக்கு, பாப்பாவின் காதுகுத்து பற்றி

அக்கா,

நல்லா இருக்கியா? மாமாவும் பிள்ளைகளும் சுகம்தானே? பாப்பாவுக்குக் காதில் புண் ஆறிவிட்டதா?

போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், இல்லையென்றால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படி.

பாப்பாவின் காதுகுத்தை நான் ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனமும் பட்டுப்பாவாடையுமாக அவ்வளவு அழகாக இருந்தாள். உன் பெரியம்மா மகன் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவரும் அவளுக்கு மாமன்தான், அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். 2019-இல் பெரியவனுக்கு என் மடியில் வைத்துத்தான் குத்தினோம். ஆசாரி கையை எடுத்ததும் அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாத குறை உன்னால தீர்ந்ததுடா" என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் சொன்னார். பாப்பாவுக்கும் நான்தான் என்று அன்றைக்கே மனதில் வைத்துவிட்டேன்.

நீ ஏன் சொல்லவில்லை என்று ஓரளவுக்குத் தெரிகிறது. அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. துட்டி வீட்டுக்காரர்கள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று பெரியவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். மாமா வீட்டுக் குலசாமி கோயில், அங்கே அவர்கள் வழக்கம்தான் நடக்கும். அதில் நான் குறுக்கே பேச மாட்டேன். "தம்பி, இந்தத் தடவை இப்படி ஆகிப்போச்சு" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சரிக்கா என்று வீட்டிலேயே இருந்திருப்பேன். நீ சொல்லாமல் விட்டதுதான் வலிக்கிறது.

எனக்குள்ளது ஆறிவிடும். அம்மாவை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. என் போனை வாங்கி, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். அப்புறம், "நம்ம இப்ப போற நிலைமையிலயா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பா இருக்கும்போதே பாப்பாவுக்கென்று ஒரு ஜோடித் தோடு வாங்கி வைத்திருந்தார்கள். அது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. தாலி இல்லாதவளை இனி எதற்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அம்மா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாளோ என்று பயமாக இருக்கிறது. நீ அப்படி நினைக்கிற ஆள் இல்லை, அது எனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து உனக்கு மருதாணி வைத்துவிட்டது உன் சித்திதான். நீ அப்படி நினைக்கவில்லை என்பதை உன் வாயால் அவள் கேட்க வேண்டும்.

இதை நான் வேறு யாரிடமும் பேசவில்லை. அத்தை போன் பண்ணி, "உங்களைக் கூப்பிடலையாமே" என்று கேட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு. இதற்காக மாமாவிடமோ பெரியம்மாவிடமோ நீ சண்டைக்குப் போக வேண்டாம். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காக அப்பாவும் பெரியப்பாவும் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலில் ஒளிந்து ஒளிந்து பேசிக்கொண்டோம். உன் பிள்ளைகளுக்கும் என் பிள்ளைகளுக்கும் அந்த நிலைமை வரவே கூடாது.

அம்மாவுக்கு நீயே போன் பண்ணு. நான் எழுதியதைச் சொல்லாதே, காதுகுத்துப் பேச்சை நீயாகவே ஆரம்பி. அரைப்பரீட்சை லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் வந்து இரு. காது நன்றாக ஆறியிருந்தால் அந்தத் தோட்டை அம்மாவே பாப்பாவுக்குப் போட்டுவிடட்டும். பெரியவனுக்குச் செய்ததை அப்பா செய்முறை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பாப்பாவுக்கு உள்ளதையும் அதற்குக் கீழே என் கையால் எழுத வேண்டும். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

இனிமேல் உன் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால், என்னைக் கூப்பிட முடியாத நிலைமையாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிடு. கஷ்டமான விஷயம்தான், ஆனாலும் நீ சொல்லிக் கேட்டால் தாங்கிக்கொள்வேன்.

தை மாதம் அப்பாவுக்கு வருஷத் திதி வருகிறது. நாள் பார்த்ததும் முதலில் உனக்குத்தான் சொல்வேன். நீயும் மாமாவும் முதல் நாளே வந்துவிடுங்கள்.

உன் தம்பி