2025 பட்ஜெட்: நம்ம வீட்டுக்கு எது குறையுது, எது ஏறுது, எதுக்குப் புதுசா பணம்

2025 பிப்ரவரி 1-ல நிர்மலா சீதாராமன் வாசிச்ச பட்ஜெட் உரையை முழுசா கேட்டுட்டு, குடும்பம் நடத்துறவங்களுக்கு எது தேவையோ அதை மட்டும் எழுதுறேன். டிவில ஓடுற "விலை குறையும் பொருட்கள்" லிஸ்டை அப்படியே நம்பிடாதீங்க. சோப்பு, பிஸ்கட், துணிமணி, மிக்ஸின்னு நாம தினமும் வாங்குற பெரும்பாலான சாமானுக்கு வரி ஜிஎஸ்டி, அந்த ரேட்டை முடிவு பண்றது ஜிஎஸ்டி கவுன்சில். பட்ஜெட்ல மாறுறது முக்கியமா வருமான வரியும் வெளிநாட்டுலேர்ந்து வர்ற பொருளுக்கான சுங்க வரியும்தான்.

முதல்ல வருமான வரி, ஏன்னா இந்த பட்ஜெட்ல பெரிய சமாச்சாரமே இதுதான். புது வரி முறைல வருஷத்துக்கு 12 லட்சம் வரைக்கும் வரி கிடையாது, சம்பளக்காரங்களுக்கு 75,000 கழிவு இருக்குறதால 12.75 லட்சம் வரைக்கும். ஒரு உதாரணம், மாசம் 80,000 சம்பளம்னா வருஷத்துக்கு 9,60,000, அதுல 75,000 கழிச்சா 8,85,000. 2024-25 கணக்குல இதுக்கு செஸ்ங்கிற கூடுதல் வரியோட சேர்த்து 40,040 ரூபா வரி கட்டணும், 2025 ஏப்ரல்லேர்ந்து ஒரு பைசா கிடையாது. மாசத்துக்கு 3,300 ரூபாய்க்கு மேல கைல நிக்கும், ஒரு பிள்ளையோட ஸ்கூல் வேன் காசும் டியூஷன் காசும் அதுலயே முடிஞ்சிரும்.

ஆனா இதுல நாலு விஷயம் குழப்பம் ஆகுது. ஒண்ணு, இது 2025 ஏப்ரல் 1-லேர்ந்து சம்பாதிக்கிற பணத்துக்குத்தான், 2025-ல போட வேண்டியிருந்த ரிட்டர்ன் பழைய ரேட்லதான். ரெண்டாவது, 4 லட்சத்துக்கு மேல வருமானம் இருந்தா வரி ஜீரோவா இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும், அந்த 12 லட்சம்ங்கிறது தள்ளுபடியா கிடைக்கிறது, தானா வர்றதில்ல. மூணாவது, ஷேர், ஷேர் சார்ந்த மியூச்சுவல் ஃபண்ட் வித்து வர்ற லாபத்துக்குத் தனி ரேட், இந்தத் தள்ளுபடி அதுக்குக் கிடையாது. கடைசியா, 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிட்டோமேன்னு பயப்பட வேணாம், கழிவெல்லாம் போக 12,10,000 வந்தா வரி 10,000-தான் (செஸ் தனி), மேல வந்த அந்தப் பத்தாயிரத்தை விட அதிகமா எடுத்துக்க மாட்டாங்க.

பழைய வரி முறைல இருக்கவங்களுக்கு, அதாவது வீட்டு லோன், எல்ஐசி, வீட்டு வாடகைன்னு கழிச்சுக்கிறவங்களுக்கு ரேட் எதுவும் மாறல. ரெண்டு முறையிலயும் ஒருதடவை போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

பெரியவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பேங்க் டெபாசிட் வட்டி வருஷத்துக்கு 50,000 தாண்டினாலே டிடிஎஸ் பிடிச்சாங்க, அது 2025 ஏப்ரல்லேர்ந்து 1 லட்சம் ஆச்சு, பென்ஷனும் வட்டியும் வச்சு ஓட்டுற வீட்டுக்கு இது உண்மையிலேயே நிம்மதி. கடையையோ மாடியையோ கம்பெனிக்கு வாடகைக்கு விட்டவங்களுக்கும் வருஷ வாடகை 2.4 லட்சம்ங்கிற வரம்பு 6 லட்சமா ஏறுது. பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பறவங்க, பேங்க் லோன்லேர்ந்து ஃபீஸ் அனுப்பினா, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பேங்க் பிடிக்கிற டிசிஎஸ் வரி கிடையாது, சொந்தப் பணம்னா 7 லட்சமா இருந்த வரம்பு 10 லட்சம்.

விலை குறையுறதுல மனசுக்கு நிறைவா இருந்தது மருந்துதான். கேன்சர், அபூர்வ நோய், நாள்பட்ட கடும் வியாதிகளுக்கான 36 மருந்துக்கு சுங்க வரி முழுசா ரத்து, இன்னும் 6 மருந்துக்கு வரி 5 சதவீதம் மட்டும். வீட்ல யாருக்காவது இறக்குமதி மருந்து ஓடிக்கிட்டிருந்தா, அடுத்த தடவை வாங்கும்போது அந்தப் பேரு லிஸ்ட்ல இருக்கான்னு மருந்துக்கடைல கேளுங்க, பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்கே குடுப்பாங்க, அதனால புது எம்ஆர்பி வந்திருச்சான்னும் கேளுங்க. மொபைல், எலக்ட்ரிக் வண்டி விலை குறையும்னு சொல்றாங்க. வரி எடுத்தது பேட்டரி செய்யுற மெஷினுங்களுக்கும் சில மூலப்பொருளுக்கும்தான், அந்த மெஷின் வந்து இங்க பேட்டரி செஞ்சப்புறம்தான் பலன், அதனால நாளைக்கே ஷோரூம்ல விலை குறையும்னு காத்திருக்காதீங்க. இறக்குமதி பைக்குக்கும் வரி குறைஞ்சிருக்கு, அது நம்ம பட்ஜெட்டுக்குள்ள வர்ற வண்டி இல்ல. செருப்பு, சோலார் பேனல்னு சில பொருளுக்கு சுங்க வரியைக் குறைச்சுட்டு அதே இடத்துல செஸ் போட்டிருக்காங்க, மொத்தத்துல பெரிய வித்தியாசம் வராது, நிறைய லிஸ்ட்ல இதை "மலிவு"ன்னு போட்டிருக்கறது தப்பு.

ஏறுறது கம்மிதான். ஸ்கூல், ஆபீஸ்ல மாட்டுற பெரிய டச் போர்டுக்கு வரி 10-லேர்ந்து 20 சதவீதம். சில வகை இறக்குமதி பின்னல் துணிக்கு 20 சதவீதம் இல்லேன்னா கிலோவுக்கு 115 ரூபா, ரெண்டுல எது அதிகமோ அது. வெளிநாட்டுத் துணில தைக்கிற சட்டைக்கு விலை ஏறலாம், ஆனா ரொம்ப மலிவா வந்து இறங்குற துணியோட மல்லுக்கட்டுற திருப்பூர்காரங்களுக்கு இது வேணும், நான் இதை ஏத்துக்கறேன். தங்கம், பெட்ரோல், சிகரெட்டுக்கு இந்த பட்ஜெட்ல ஒண்ணும் மாறல. தங்கத்துக்கு 2024 ஜூலைலயே 15 சதவீதத்துலேர்ந்து 6 ஆக்கிட்டாங்க, அதை இதுல மாத்தல.

புதுசா பணம் ஒதுக்கினதுல முதல்ல சொல்ல வேண்டியது கேன்சர் டே கேர் சென்டர். மூணு வருஷத்துல எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலயும், அதுல 200 சென்டர் 2025-26 நிதியாண்டுலயேன்னு அறிவிச்சாங்க. கீமோ ஏத்துறதுக்காக விடியக்காலைல பஸ் ஏறி, ஊசி போட்டுட்டு, வாந்தியும் மயக்கமுமா அதே பஸ்ல ராத்திரி வீடு திரும்புறவங்களைப் பார்த்திருந்தா இதோட அருமை புரியும். எந்தெந்த மாவட்டம்னு உரைல சொல்லல, நம்ம மாவட்டத்தைச் சேர்க்கச் சொல்லி எம்பி கிட்ட கேட்கணும்.

அப்புறம் மருத்துவக் கல்லூரில அடுத்த ஒரு வருஷத்துல 10,000 சீட் கூடும்னு சொன்னாங்க. வீட்டுக்குக் குழாய்த் தண்ணி திட்டம் 2028 வரைக்கும் நீளுது. விவசாயிகளுக்கு கிசான் கிரெடிட் கார்டுல மானிய வட்டிக் கடனை 3 லட்சத்துலேர்ந்து 5 லட்சம் ஆக்குறதா அறிவிச்சாங்க. தள்ளுவண்டிக்காரங்களுக்கு 30,000 லிமிட்ல யுபிஐயோட சேர்ந்த கிரெடிட் கார்டு. சாப்பாடு டெலிவரி பண்ற தம்பிங்களுக்கு அமைப்புசாரா தொழிலாளர் போர்ட்டலான இ-ஷ்ரம்ல பதிவு, அடையாள அட்டை, அதோட ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீடு, தெரிஞ்ச பசங்க யாராவது இருந்தா கட்டாயம் சொல்லுங்க. துவரை, உளுந்து, மசூர் பருப்பை நம்ம நாட்டுலயே விளைய வைக்க 6 வருஷத் திட்டம் போட்டிருக்காங்க, விவசாயி கொண்டு வர்ற அளவை மத்திய ஏஜென்சிங்க வாங்கிக்குமாம், சாம்பாருக்குத் துவரம்பருப்பு வாங்குற நமக்கு அதோட பலன் சீக்கிரம் தெரியாது.

எனக்கு உறுத்துறது ஒண்ணு. வருமான வரில விட்டுக்கொடுக்கிறது சுமார் 1 லட்சம் கோடின்னு அமைச்சரே சொன்னாங்க, ஆனா நூறுநாள் வேலைக்கு முந்தின வருஷம் மாதிரியே 86,000 கோடிதான், ஒரு ரூபா கூட ஏறல. மாசம் 15,000 சம்பாதிக்கிற வீட்டுக்கு வருமான வரின்னு ஒண்ணு எப்பவுமே கிடையாது, அவங்க கட்டுறது சோப்புலயும் எண்ணெய்லயும் இருக்குற ஜிஎஸ்டிதான். மாவரைக்கிற கடைல நிக்கிற அக்காவுக்கு இந்த பட்ஜெட்ல நேரா என்ன கிடைச்சதுன்னு தேடினேன், சொல்ற மாதிரி ஒண்ணும் தட்டுப்படல.

சம்பளத்துல இருக்கவங்க மறக்காம பண்ண வேண்டியது, ஏப்ரல்ல ஆபீஸ்ல எந்த வரி முறைன்னு கேட்டு ஃபார்ம் குடுப்பாங்க. சும்மா விட்டா புது முறைன்னுதான் எடுத்துப்பாங்க, பழையதுல லாபம் வர்றவங்க அப்பவே எழுதிக் குடுத்துடுங்க, இல்லேன்னா மாசாமாசம் சம்பளத்துல கூடப் பிடிச்சுக்கிட்டே போவாங்க, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வர அடுத்த வருஷம் ஆயிடும்.