கானாடுகாத்தானில் ஒலித்த காரைக்குடி வீணை

காரைக்குடி பாணி வீணையை அது பிறந்த சீமையிலேயே கேட்கும் வாய்ப்பு சனிக்கிழமை மாலை கிடைத்தது. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவில் கச்சேரி.

வர்ணமும் பிள்ளையார் கீர்த்தனையும் சுருக்கமாக முடிந்தன. கச்சேரியின் உயிர் கரகரப்பிரியாவில் இருந்தது. ஆலாபனையில் வீணைக் கலைஞர் அவசரப்படவே இல்லை. தந்தியை மெல்ல இழுத்து, ஒரே மீட்டில் மூன்று நான்கு ஸ்வரங்களைப் பேசவைத்தார். ராகத்தின் பெயர் அறியாதவர்களும் தலையசைத்தார்கள். பிறகு தானம். சாகித்தியம் இல்லை, தாளக் கட்டும் இல்லை. மீட்டின் துடிப்பே லயமாகிறது. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள் வளர்த்த பாணியின் பெருமையே இந்தத் தானம்தான். விரலின் அழுத்தம், மீட்டுகளுக்கு இடையிலான மௌனம் இரண்டிலும் அந்தக் கம்பீரம் இருந்தது. தொடர்ந்த தியாகராஜரின் 'சக்கனி ராஜ' கீர்த்தனையில் சங்கதிகள் ஒவ்வொன்றும் தெளிவு.

மிருதங்கம் வீணைக்கு இடம் விட்டு வாசித்தது, அருமை. கடத்தின் மைக்கைத் தணித்திருக்க வேண்டும். மந்தர ஸ்தாயி பல இடங்களில் அதில் அமுங்கிப்போனது. அத்தனை கல்தூண்கள் நிற்கும் வளவில் வீணையின் நாதம் இயல்பாகவே பரவும். தனி ஆவர்த்தனம் அளவாக இருந்தது. துக்கடாக்களைக் குறைத்து ஒரு பல்லவியும் வாசித்திருக்கலாம். நேரம் இருந்தது, கூட்டமும் கலையவில்லை.