தூக்க இழப்பும் நீடித்த கவனமும்: இலக்கிய மீளாய்வுக்கான வரைவுத் திட்டம்

மூன்றாம் ஆண்டு, உயிரியல் உளவியல் பாடம். இறுதிக் கட்டுரை 3,000 சொல், ஆங்கிலத்தில். டாக்டர், சென்ற வாரம் பேசியபடி திட்டத்தை மட்டும் தமிழில் அனுப்புகிறேன்.

கேள்வி

தூக்கம் குறைந்தால் கவனம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கெடுகிறது, கெடுவது அந்த ஆளுக்கே தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி. நான் நிறுவப் பார்ப்பது இது: கவனம் ஒரே சீராக மங்குவதில்லை, இடையிடையே அறுந்துபோகிறது, அறுவது எவ்வளவு என்று ஆளுக்குச் சரியாகத் தெரிவதில்லை.

எல்லை

ஆரோக்கியமான பெரியவர்கள் மீதான சோதனைகள் மட்டும். பதின்ம வயதினர் பற்றி ஓர் ஆய்வு விதிவிலக்கு. தூக்கமின்மை நோய், தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்கள் மீதான ஆய்வுகள் வேண்டாம். பப்மெட்டில் தேடிய வரி:

```
("sleep deprivation" OR "sleep restriction")
AND ("sustained attention" OR vigilance)
```

1. அளவீடு (450 சொல்)

மெக்வர்த் 1948இல் ராடார் காவலர்களை மனத்தில் வைத்து அமைத்த கடிகாரச் சோதனையில் தொடங்குவேன். நன்றாகத் தூங்கியவருக்கே முதல் அரை மணியில் கண்டுபிடிப்பு குறைந்தது. அந்த அடிப்படையைச் சொல்லாமல் தூக்கத்துக்குப் போனால் வாதம் நிற்காது. அப்புறம் டிங்கஸும் பவலும் 1985இல் அறிமுகப்படுத்திய பி.வி.டி. சோதனை: பத்து நிமிடம், 2 முதல் 10 விநாடி இடைவெளியில் ஒரு தூண்டல், உடனே பொத்தானை அழுத்த வேண்டும். அரை விநாடிக்கு மேல் போனால் அது ஒரு தவறல். சலிப்பூட்டுவதுதான் இச்சோதனையின் பலம். கற்றுத் தேறுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

2. மங்குதலா, அறுதலா (600 சொல்)

தூக்கம் இழந்தவர் இடையிடையே தவறவிடுவார், மற்ற நேரத்தில் ஏறக்குறைய இயல்பாகச் செய்வார் என்ற வில்லியம்ஸ் குழுவின் 1959 தவறல் கருதுகோள், அதைத் திருத்திய டோரன் குழுவின் 2001 கட்டுரை. பின்னதில், விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடையே மூளை ஊசலாடுகிறது: ஒரு பதில் இயல்பான வேகத்தில் வரும், அடுத்தது தாமதமாகும், இன்னொன்று தூண்டலே இல்லாமல் வரும். அதனால் சராசரியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். விழித்திருக்க விழித்திருக்கச் சேரும் தூக்க அழுத்தமும் உடல் கடிகாரமும் சேர்ந்தே தூக்கத்தை நிர்ணயிக்கின்றன என்னும் போர்பேலியின் 1982 இருசெயல் மாதிரியோடு இந்தப் பகுதியை இணைப்பேன். விழித்திருக்கும்போது மூளையில் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டும் அடினோசினுக்கு ஒரு பத்தி போதும்.

3. நாள்தோறும் கொஞ்சம் குறைந்தால் (900 சொல்)

கட்டுரையின் நடுமையம் இதுதான். ஒரே ஆண்டில், 2003இல், வந்த இரண்டு ஆய்வுகளை எதிரெதிரே வைப்பேன்.

வான் டோங்கன் குழு 14 நாட்களுக்கு 4, 6, 8 மணி நேரத் தூக்கத்தை ஒப்பிட்டது. ஆறு மணியோ அதற்குக் குறைவோ தூங்கியவர்களிடம் குறை நாளுக்கு நாள் சேர்ந்து, இரண்டு இரவு முற்றிலும் விழித்திருந்தவர்களின் நிலைவரை போனது. ஆனால் "தூக்கம் வருகிறதா" என்ற கேள்விக்கான மதிப்பெண் சில நாட்களில் ஏறக்குறைய நின்றுவிட்டது. என் வாதத்தின் இரண்டாம் பாதி இதில்தான் நிற்கிறது.

பெலென்கி குழு 7 நாட்களுக்கு 3, 5, 7, 9 மணி கொடுத்தது. 3 மணிக்காரர்கள் சரிந்துகொண்டே போனார்கள். 5, 7 மணிக்காரர்கள் கொஞ்சம் சரிந்து அங்கேயே நின்றார்கள். பிறகு மூன்று இரவு 8 மணி கொடுத்தும் பழைய நிலை முழுதாகத் திரும்பவில்லை. அப்படியானால் குறை சேர்ந்துகொண்டே போகிறதா, ஒரு மட்டத்தில் நிற்கிறதா? நாட்களின் எண்ணிக்கை, அளந்தது வேகமா தவறலா என்ற வேறுபாடு, இந்த இரண்டையும் பார்த்தபின்தான் தீர்ப்பு. பெரும்பாலான பாடநூல்கள் இந்த முரணைத் தொடுவதே இல்லை என்பது என் எரிச்சல்.

சிங்கப்பூரில் லோ குழு 2016இல் பதின்ம வயதினரிடம் ஏழு இரவு 5 மணியாகக் குறைத்தபோதும் கவனம் படிப்படியாகக் கெட்டது. இரண்டு மீட்பு இரவுகள் போதவில்லை. நம் பிராந்தியம் என்பதால் இதற்கு இடம் உண்டு.

4. எதிர்வாதம் (400 சொல்)

லிம், டிங்கஸ் 2010 தொகுப்பாய்வில் எளிய கவனத்தில்தான் தாக்கம் மிகுதி, காரண அறிவில் சொற்பம். அப்படியென்றால் சலிப்புதான் காரணமோ? ஊக்கம் கொடுத்தால் சரியாகிறதா? ஆளுக்கு ஆள் வேறுபாடும் இங்கே.

5. ஆய்வகத்துக்கு வெளியே (350 சொல்)

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டுவோர் வெயில் ஏறுமுன் மரத்தடியில் இருக்க வேண்டும். செம்பனை ஆலையில் இரவு ஷிப்டு உண்டு. மலேசியத் தீபகற்பம் 1982 தொடக்கத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால் இங்கே ஏழு மணியளவில்தான் விடிகிறது. பேக்டரி பஸ்ஸும் பள்ளிப் பஸ்ஸும் இருட்டிலேயே வந்துவிடும். இவர்கள் மாதக்கணக்கில் குறைவாகத் தூங்குகிறார்கள், மதியம் ஒரு குட்டித் தூக்கமும் போடுகிறார்கள். பகுதி 3இன் சோதனைகள் இரண்டு வாரத்தைத் தாண்டவில்லை. இந்த இடைவெளியை மட்டும் காட்டுவேன். தோட்ட மக்களைப் பற்றித் தரவு இல்லாமல் முடிவு சொல்ல மாட்டேன்.

முன்னுரைக்கும் முடிவுரைக்கும் சேர்த்து 300 சொல். மிஞ்சினால் பகுதி 4ஐத்தான் குறைப்பேன், 3ஐ அல்ல. பகுதி 5 தனியாக நிற்கலாமா, முடிவுரைக்குள் போகலாமா என்று மட்டும் சொல்லுங்கள், டாக்டர்.