ஆடி 18 கலந்த சாதப் பந்தி: ஆகஸ்ட் 3, திங்கள்கிழமை, வடகரை சாப்பாட்டுக்கடை, ஸ்ரீரங்கம்

வணக்கம். இந்த 2026-இல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, திங்கள்கிழமை வருகிறது. அன்று மதியம் நம் கடையில் வழக்கமான சாப்பாடு கிடையாது. சாம்பார், ரசம், கூட்டு எதுவும் அடுப்பில் ஏறாது. ஆறு வகைக் கலந்த சாதம், தொட்டுக்கொள்ள வேண்டியதெல்லாம், தலைவாழை இலை. அவ்வளவுதான். இடம் சொல்லிவைத்தவர்களுக்கு மட்டுமே பந்தி என்பதால்தான் இவ்வளவு முன்னாலேயே இந்தச் செய்தியை அனுப்புகிறோம்.

ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்து காவிரிக்கு மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி, காப்பரிசி எல்லாம் வைத்துக் கும்பிட்டு, புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, கரையிலேயே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்ட குடும்பங்கள்தான் நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர். இன்றைக்கும் படித்துறைக்கு வருகிறீர்கள். தூக்குவாளிதான் வருவதில்லை. விடிகாலையில் எழுந்து ஆறு சாதம் கிளறி, வடாம் பொரித்து, பிள்ளைகளையும் கிளப்பிக்கொண்டு ஆற்றுக்கு வருவதென்றால் வீட்டில் நான்கு கைகளாவது வேண்டும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் யார் செய்வது? அந்தச் சமையலை எங்களிடம் விட்டுவிடுங்கள். கும்பிட்டுவிட்டு நேராக இங்கே வந்தால் இலை போட்டிருக்கும்.

இலையில் வருபவை:

சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், எள்ளோரை, தயிர் சாதம். உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்காய் வறுவல், அவியல், தேங்காய்த் துவையல், ஆமவடை, அரிசி வடாம், அப்பளம், மோர் மிளகாய், மாவடு. கடைசியில் பால் பாயசம். மேஜைக்கு ஒரு கிண்ணம் காப்பரிசியும் வாழைப்பழமும் பந்தி தொடங்கும் முன்பே வைத்திருப்போம். வெங்காயம், பூண்டு அன்றைக்குச் சமையலறைக்குள்ளேயே வராது.

எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சாதம்தான். ஆனால் கலந்த சாதம் செய்கிறவர்களுக்குத் தெரியும், இதில் ஏமாற்ற வழியில்லை. குழம்பு கொஞ்சம் முன்பின் இருந்தால் அப்பளத்தை வைத்து ஒப்பேற்றிவிடலாம். சாதம் குழைந்துபோனால் அன்றைய சாப்பாடே போச்சு. அதனால் புளியோதரைக்கும் எள்ளோரைக்கும் ஒரு வருஷம் பழகிய பொன்னி அரிசிதான் எடுக்கிறோம். புது அரிசி ஒட்டிக்கொள்ளும். வடித்த சாதத்தைப் பெரிய தாம்பாளங்களில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, அப்புறம்தான் கலக்கல்.

புளிக்காய்ச்சல் சனிக்கிழமை இரவே தயாராகிவிடும். பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை காய்ச்சி, ஒரு நாள் முழுக்க ஆறவிடுவோம். வெந்தயம், மல்லி, மிளகாய் வற்றல், எள் நான்கையும் தனித்தனியாக வறுத்துப் பொடித்துக் கலக்கும்போதுதான் சேர்ப்பது. கலந்த பிறகும் ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை இரவு எத்தனை பேருக்குப் புளி கரைக்கிறோமோ, திங்கட்கிழமை அத்தனை பேருக்குத்தான் புளியோதரை. வாசலில் இருபது பேர் கூடுதலாக வந்து நின்றாலும் அதை அன்றைக்குப் புதிதாகச் செய்ய முடியாது. செய்தால் அது வெறும் புளிச்சாதம்.

தேங்காய் சாதம் நேர்மாறு. வைத்திருந்தால் கெட்டுப்போகும் ஜாதி. ஒவ்வொரு பந்திக்கும் தேங்காயைத் தனியாகத் துருவி, தேங்காய் எண்ணெயில் முந்திரியோடு வறுத்து, பந்தி உட்காரும் நேரத்தில்தான் கலப்போம். எலுமிச்சையை அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பிழிவது, இல்லாவிட்டால் கசக்கும். சர்க்கரைப் பொங்கலில் உருண்டை வெல்லம், நெய், ஒரு துளி பச்சைக் கற்பூரம். தயிர் சாதத்துக்குப் பச்சரிசியைக் குழைய வேகவைத்துப் பாலில் பிசைந்து வைத்து, இலைக்கு வரும் முன்தான் தயிர் சேரும். மூன்றாம் பந்திக்காரர்களுக்கும் புளிக்காது.

மாங்காய் சாதம் எங்கே என்று கேட்பீர்கள். போடவில்லை. ஆடி நடுவில் கையில் கிடைக்கிற மாங்காய்க்குச் சித்திரை மாங்காயின் புளிப்பு இருக்காது. அதற்கு எலுமிச்சைச் சாற்றை ஊற்றிச் சரிக்கட்டுவதற்குப் போடாமலே இருக்கலாம் என்று சமையல் மாமி சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சரி. எள்ளோரையைப் பார்த்ததும் “இது சனிக்கிழமை சமாசாரமாச்சே” என்று இழுப்பவர்களும் உண்டு. கறுப்பு எள்ளை வெடிக்க வறுத்து, மிளகாயோடு பொடித்து, நெய் விட்டுப் பிசைந்ததை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பந்தி நேரம்

முதல் பந்தி 11:30 மணிக்கு. இரண்டாவது 12:45-க்கு. மூன்றாவது 2:00 மணிக்கு. ஒரு பந்திக்கு 60 பேர். அதில் 12 பேருக்குத் தரையில் பாய் போட்டு இலை. பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். முட்டி வலிக்காரர்களுக்கு வாசலை ஒட்டிய மேஜைகள் இருக்கின்றன. படி ஏற வேண்டியதில்லை. முன்பதிவின்போதே சொன்னால் அந்த மேஜையை எடுத்துவைப்போம்.

திங்கட்கிழமை என்பதால் அலுவலகம் போகிறவர்களுக்கு முதல் பந்திதான் தோது. 11:30-க்கு உட்கார்ந்தால் 12:15-க்குள் பாயசம் வந்துவிடும். ஆற்றில் விளக்கு விட்டுவிட்டு, முளைப்பாரி கரைத்துவிட்டு நிதானமாக வருகிறவர்கள் மூன்றாவது பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், இரண்டாம் முறை பாயசம் கேட்டு உட்கார்ந்திருக்கலாம். எந்தப் பந்தியானாலும் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இலையைக் காலியாக வைத்திருக்க இயலாது. நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், அடுத்த பந்தியில் முடிந்தவரை இடம் பார்க்கிறோம்.

விலை

பெரியவர்களுக்கு 320 ரூபாய். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 180. மூன்று வயது வரை காசு இல்லை, இலை உண்டு. ஜிஎஸ்டி இதற்குள்ளேயே அடக்கம். எந்தச் சாதத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். ஆமவடை மட்டும் ஆளுக்கு இரண்டு.

புளியோதரையில் வேர்க்கடலை இருக்கும், தேங்காய் சாதத்தில் முந்திரி இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்கள் பதிவு செய்யும்போதே எழுதுங்கள், அவர்களுக்கு வேறு பாத்திரத்தில் தனியாகக் கலந்து வைக்கிறோம். பரிமாறும் நேரத்தில் சொன்னால் எங்களால் பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் கேட்டால் மட்டுமே வரும், அதுவும் ஒரு கரண்டி.

கரையிலேயே சாப்பிட விரும்புகிறவர்களுக்குக் கட்டுச்சாதம்

ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடாமல் என்ன ஆடிப் பெருக்கு என்கிறவர்களுக்கு, நான்கு பேர் சாப்பிடும் கட்டு ஒன்று 1,050 ரூபாய். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை, எள்ளோரை, தயிர் சாதம், உருளை வறுவல், வடாம், மாவடு இவை இருக்கும். தேங்காய் சாதம் இதில் கிடையாது. வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்காது, கொடுத்துவிட்டு நாங்கள் பயந்துகொண்டிருக்க முடியாது. காலை 8 மணியிலிருந்து 10:30 வரை வாங்கிக்கொள்ளலாம். வாழை இலையில் வைத்துக் கட்டி, துணிப்பையில் தருவோம். தூக்குவாளி கொண்டுவந்தால் அதிலேயே போட்டுத்தருகிறோம், கட்டுக்கு 30 ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்த இலையை ஆற்றில் விட்டுவிடாதீர்கள், வரும் வழியில் நம் கடை வாசல் தொட்டியில் போடலாம்.

இடம் சொல்லிவைப்பது எப்படி?

இந்தச் செய்தி வந்த இதே வாட்ஸ்அப் எண்ணுக்குப் பதில் அனுப்பினால் போதும். பெயர், பெரியவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, எந்தப் பந்தி, மேஜையா பாயா. இப்படி எழுதினாலும் சரி: “செல்வி, பெரியவர் 4, பிள்ளை 2, இரண்டாம் பந்தி, பாய்.” கட்டுச்சாதம் என்றால் எத்தனை கட்டு, எத்தனை மணிக்கு என்று மட்டும். குரல் பதிவாக அனுப்பினாலும் கேட்டுக்கொள்வோம்.

தலைக்கு 100 ரூபாய் முன்பணம், அதே எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பலாம். கடைக்கு வந்து கல்லாவில் கட்டினாலும் சரி. பணம் வந்ததும் பந்தி நேரமும் இலை எண்ணும் போட்டு நாங்கள் ஒரு பதில் அனுப்புவோம், அது வந்தால்தான் இடம் உறுதி. மீதியைச் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். கட்டுச்சாதத்துக்கு முழுப்பணமும் முன்கூட்டியே.

வர முடியாமல் போனால் ஆகஸ்ட் 1, சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் சொல்லிவிடுங்கள், முன்பணம் அப்படியே திரும்பிவரும். பதிவும் அதே நேரத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு புளி கரைத்துவிடுவோம், கணக்கை மாற்ற முடியாது. பத்துப் பேருக்கு மேல் வருகிற குடும்பங்கள் வியாழக்கிழமைக்குள் எழுதினால் ஒரே வரிசையில் உட்கார வைக்கலாம். கடைசி நேரத்தில் வந்தால் தாத்தா ஒரு மூலையிலும் பேரன் இன்னொரு மூலையிலும்தான்.

வருகிற வழி

கடை அம்மா மண்டபம் சாலையில், ராஜகோபுரத்திலிருந்து படித்துறைக்குப் போகும்போது இடப்பக்கம். அன்று காலையிலிருந்தே இந்தச் சாலையில் கார் நுழைவது கஷ்டம், பல நேரம் போலீஸ் திருப்பிவிடுவார்கள். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறி இறங்கி நடந்துவிடுவது உத்தமம். இருசக்கர வண்டிகளைக் கடைக்குப் பின்னாலுள்ள சந்தில் நிறுத்தலாம், முப்பது வண்டி வரை இடம் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் அதிகமாக வந்தால் படித்துறையில் இறங்கவிட மாட்டார்கள். அப்படியானாலும் பந்தி உண்டு, நேரம் மாறாது.

கால் கழுவ வாசலில் குழாயும், ஈரத்துணி மாற்றிக்கொள்ளப் பெண்களுக்குத் தனி அறையும் காலை 7 மணியிலிருந்து திறந்திருக்கும். பதிவு செய்தவர்கள் பை, செருப்பு, பூஜைத் தட்டு எதையும் எங்களிடம் வைத்துவிட்டு ஆற்றுக்குப் போகலாம், டோக்கன் தருவோம். நகையையும் பணத்தையும் மட்டும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை 5 மணிக்கு மேல் வழக்கமான டிபன், காபி உண்டு. அதற்கு முன்பதிவு தேவையில்லை. கலந்த சாதம் மாலையில் கிடைக்காது.