நித்யாவுக்கு, நாளைக்கு முன்னால்

நித்யா,

இதற்குப் பதில் எழுத வேண்டாம். ஒரு கட்டைவிரல் அடையாளம்கூட வேண்டாம். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடு. நாளைக்கு நீ மறுபடியும் தேர்வு எழுதப் போகிறாய், ராத்திரி படுக்கும் நேரத்தில் இது வந்து உன்னை எழுப்பிவிடக் கூடாது என்றுதான் சாயங்காலமே அனுப்புகிறேன்.

முதலில் போன வருடத்துச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வுக்கு முந்தின நாள், "உனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குடி கிடைக்கும்?" என்று எழுதியிருந்தேன். தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தேன். நாற்பதாவது கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றபோது அந்த வரிதான் ஞாபகத்துக்கு வந்தது என்று நீ ரொம்ப நாள் கழித்துச் சொன்னாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது. ஏற்கெனவே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவள் தலையில் என் ஆசையையும் ஏற்றிவிட்டிருக்கிறேன். மன்னித்துக்கொள். இந்தத் தடவை எதையும் ஏற்ற மாட்டேன். நீ கண்டிப்பாக வாங்கிவிடுவாய் என்று சொல்லப்போவதில்லை. அது எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இந்த வருடம் நீ படித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திருப்புத்திறன் புரியவே இல்லை என்றேன். நீ புத்தகத்தை எடுக்கவில்லை. எழுந்து போய் அறைக் கதவைக் காட்டி, கீலுக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்துத் தள்ளச் சொன்னாய். தள்ளித் தள்ளி விரல் நுனி வெளுத்ததுதான் மிச்சம், கதவு லேசில் அசையவில்லை. அப்புறம் அதே விரலால் கைப்பிடி ஓரத்தில் தள்ளச் சொன்னாய். சும்மா தொட்டதும் திறந்துகொண்டது. "அதே விரல், அதே பலம், தூரம்தான் வேறு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து உன் கணக்கைத் தொடர்ந்தாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷம் மதிப்பெண்ணுக்கானது இல்லை. விஷயம் பிடிபட்ட சந்தோஷம் அது. நாளைக்கு வரும் தாள் எப்படி இருந்தாலும் அந்தக் கதவை உனக்குத் தெரியும். அதை யாரும் திருத்தி மார்க் போட முடியாது.

உன் தப்பு நோட்டையும் சொல்ல வேண்டும். மாதிரித் தேர்வில் தவறான ஒவ்வொரு கணக்கையும் பச்சை மையில் எழுதி, கீழே "ஏன் தப்பு" என்று ஒரு வரி. முதல் பக்கங்களில் அந்த வரிகளெல்லாம் "முட்டாள்தனம்", "கவனமே இல்லை" என்றுதான் இருந்தன. போன வாரம் புரட்டிப் பார்த்தபோது "அலகை மாற்ற மறந்தேன்", "கேள்வியில் ‘தவறானது எது’ என்று இருந்ததைப் பார்க்கவில்லை" என்று இருந்தது. உன்னையே திட்டிக்கொண்டிருந்தவள் எப்போதோ நிறுத்திவிட்டு, தப்பை மட்டும் பார்க்க ஆரம்பித்திருக்கிறாய். நீ இதைக் கவனித்தாயா என்று தெரியவில்லை. எனக்கு அந்த நோட்டில் பிடித்ததே அந்த மாற்றம்தான்.

சரி, இன்றைக்கு ராத்திரி. ஒன்பது மணிக்குப் புத்தகத்தை மூடிவிடு என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். மூடினால் குற்ற உணர்ச்சி வரும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வகுப்பில் படித்த ஒன்றைச் சொல்கிறேன். 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பொருளே இல்லாத அசைகளை இரண்டு மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். படித்துவிட்டுத் தூங்கினபோது நினைவில் நின்றது, அதே அளவு நேரம் விழித்திருந்தபோது நின்றதைவிட அதிகம். தூக்கத்தில் மூளை படித்ததைப் பத்திரப்படுத்துகிறது என்பது அதற்குப் பிறகு எத்தனையோ விதத்தில் உறுதியாகியிருக்கிறது. ஆகவே நீ படுத்திருப்பது படிப்பை விட்டுவிட்டதாக ஆகாது. தூக்கம் வரவில்லையா, அதுவும் பரவாயில்லை. கண்ணை மூடிச் சும்மா கிட. ஒரு ராத்திரி சரியாகத் தூங்காததால் ஒரு வருடப் படிப்பு அழிந்து போகாது.

காலையில் பயமாக இருந்தால், அதை அடக்க வேண்டும் என்று மல்லுக்கு நிற்காதே. இதயம் வேகமாக அடிப்பதும் கை குளிர்வதும் உடம்பு ஒரு வேலைக்குத் தயாராகும் விதம். ஒரு பழைய தாளை எடுத்து, என்னென்ன பயமோ எல்லாவற்றையும் பத்து நிமிஷம் கிறுக்கிப் பார்க்கலாம். 2011-இல் ரமீரெஸ், பைலாக் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தேர்வுக்குச் சற்று முன்னால் தங்கள் பயத்தைப் பத்து நிமிஷம் எழுதிய பதற்றக்கார மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். கவலை மனதுக்குள் சுற்றும்போது கணக்குப் போட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். உனக்குப் பிடித்தால் செய், இல்லாவிட்டால் விட்டுவிடு. இதையும் ஒரு வீட்டுப்பாடம் ஆக்கிக்கொள்ளாதே. எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டுப் போ, நான்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

உள்ளே போனபின் சில கேள்விகள் தெரியாமல்தான் இருக்கும். அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவர் வேகமாகப் பக்கம் புரட்டுவது அவர் சரியாகப் போடுகிறார் என்பதற்கு அத்தாட்சி இல்லை. நாற்பதாவது கேள்வி மறுபடியும் முறைத்தால், தாண்டிப் போ. விடைத்தாளில் அந்த வட்டத்தையும் தாண்டு, அதை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

அம்மாவும் அப்பாவும் காலையில் ஏதாவது சொல்வார்கள். அது அவர்களுடைய பயம். கேட்டுக்கொள், சுமக்க வேண்டாம்.

முடிவு எப்படி வந்தாலும் வரும். கிடைத்தால் சேர்ந்து கத்துவோம். கிடைக்காவிட்டால் உன்னோடு உட்கார்ந்து அழுவேன், அப்புறம் நீ எப்போது பேச வேண்டும் என்று நினைக்கிறாயோ அப்போது அடுத்தது என்ன என்று யோசிப்போம். இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை உன் அறைக்குத்தான் வருவேன், அதே நாற்காலியில்தான் உட்காருவேன். நீ என்னிடம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்தே வேண்டியதில்லை.

காலையில் போன் செய்ய மாட்டேன். உனக்குக் கூப்பிடத் தோன்றினால் ஆறு மணியிலிருந்து போன் என் கையிலேயே இருக்கும். ஒரு மணிக்குத் தேர்வு முடியும்போது வாசலுக்கு எதிர்ப் பக்கம் அந்த நீலக் குடையோடு நிற்பேன். எப்படி எழுதினாய் என்று கேட்க மாட்டேன். விடைக்குறிப்பை எடுத்துக்கொண்டு யாராவது உன்னிடம் வந்தால், நான்தான் அவசரமாகக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நேராகக் குடைக்கு வந்துவிடு. பேசாமலே நடக்கலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும்.

நுழைவுச்சீட்டும் அடையாள அட்டையும் பையில் இருக்கின்றனவா என்று இப்போதே ஒரு தடவை பார்த்துவிடு. பார்த்தாயா? சரி, போனைக் கவிழ்த்து வை.

உன்
சுதா